கோபம் என்று நினைத்தார்கள்

கோட்டை மலைக்கு ஆட்களை அழைத்துப் போகும் அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் இரண்டு பெண்கள் வழிகாட்டிகளாக வேலை பார்த்தார்கள். இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். மூத்தவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. பேசும்போது சுட்டுவிரலை உயர்த்துவாள், அவ்வளவுதான். இளையவளுக்குக் குயில் என்று பெயர் வைத்தவர் வேன் டிரைவர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து டீச்சருக்கு அந்த டிரைவரைக் கண்டாலே ஆகவில்லை.

குயிலை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளே டீச்சர்தான். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிப் போனாள். எந்த வளைவில் நின்று பேசினால் எல்லோருக்கும் கேட்கும், எந்தப் படி வழுக்கும், எந்தக் கதைக்கு ஆட்கள் சிரிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருடமே அலுவலகத்துக்குப் போன் செய்பவர்கள், "அந்தக் குயில்னு ஒரு கைடு இருக்காங்களாமே, அவங்க வருவாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே கதைகள்தான். டீச்சர் வாயிலிருந்து வந்தால் தகவல், குயில் வாயிலிருந்து வந்தால் அனுபவம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று டீச்சர் பல நாள் யோசித்திருக்கிறாள். விடை கிடைக்கவில்லை, வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியது.

போன கோடையில், சுற்றுலா வந்த ஒரு விருந்தாளி மலையில் மயங்கி விழுந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளி பயந்துவிட்டார். இந்த வருடம் வெயில் தொடங்கும் முன்பே, வருகிறவர்களுக்கு முன்கூட்டிப் போனில் அனுப்பவும், மலையடிவாரத்தில் வாசித்துக் காட்டவும் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும் என்றார். டீச்சர் மனதுக்குள் முதல் வரியைக்கூட எழுதிவிட்டாள். முதலாளி தலையைத் திருப்பி, "குயிலு, நீ எழுதிடும்மா. உனக்குத்தான் எளிமையா வரும்" என்றார்.

குயில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு குடியுங்கள்; ஒரேயடியாக வயிறு முட்டக் குடிக்க வேண்டாம், நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பு சர்க்கரைக் கரைசலும் சேர வேண்டும். ஆறு மணிக்கு ஏறத் தொடங்குவோம், பத்து மணிக்குள் இறங்கிவிடுவோம். எட்டு மணிக்கு மேல் தொடங்க நேர்ந்தால் உச்சிக்குப் போவதில்லை, நிழல் உள்ள கீழ்ச்சுற்று மட்டும். இதய நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஊரிலிருந்து நேராக வந்தவர்களும் காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்தவர்களும் முதல் சில நாள் மலை ஏறாதீர்கள். உடம்புக்கு வெயில் பழகக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசி வரிதான் டீச்சருக்குக் கிடைத்த பிடி. இயல்பில்லாத கோபம், எரிச்சல், சொன்னதையே திரும்பச் சொல்வது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் — இவை ஆபத்தின் அறிகுறி, பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் வழிகாட்டியிடம் இதைக் கண்டாலும் தயங்காமல் சொல்லுங்கள் என்று இருந்தது.

டீச்சர் சுட்டுவிரலை உயர்த்தினாள். காசு கொடுத்து வருகிற மனுஷனுக்குக் கோபம் வந்தால், உனக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்தில் இருப்பவன் சொல்வதா? அதோடு, வந்தவர்கள் எல்லாம் நம் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு என்ன ஆச்சு என்று ஆராய்ந்துகொண்டே நடப்பார்களா? வழிகாட்டிக்கு என்ன மரியாதை மிஞ்சும்? இப்படி நீளமாகப் பேசினாள். முதலாளிக்கும் குறிப்பு நீண்டுவிட்டதாகப் பட்டது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். குயில் ஒரு நொடி தயங்கி, அக்கா சொன்னால் சரிதான் என்று பேனாவால் கோடு இழுத்தாள். சண்டை போட்டிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விட்டுக்கொடுத்ததில், ஜெயித்த ருசியே நாக்கில் ஒட்டவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மூத்தவன் குடும்பம் கீழே, இளையவன் குடும்பம் மாடியில், சாப்பாடு எல்லோருக்கும் கீழேதான். குயில் எழுதிய குறிப்பைக் கொழுந்தன் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினான். மாமியார், கண்ணாடி போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் வாசித்துவிட்டு, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான் என்றார். டீச்சரும் அதே படிப்புத்தான் படித்திருந்தாள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளுடைய சொந்த மகள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, சித்தியைப் போலவே குரலைத் தாழ்த்தி, "தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோடை உச்சத்துக்கு வந்தபோது குயில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். போன இடத்தில் காய்ச்சல், வாந்தி. இரண்டு வாரம் கழித்து முகம் வாடி, சுடிதார் தொளதொளவென்று தொங்கத் திரும்பி வந்தாள். அந்த இரண்டு வாரமும் டீச்சருக்குப் பொற்காலம். போனில் யாரும் குயிலைக் கேட்டால், ஊரில் இல்லை என்று சொல்வதே ஒரு சுகமாக இருந்தது.

திரும்பிய மறுநாளே குயிலுக்கு வேலை வந்தது. பெரிய கூட்டம், இரண்டு குழுவாகப் பிரித்துக் கூட்டிப் போக வேண்டும். வானிலை அலுவலகம் கடும் வெப்ப எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆறு மணிக்கே இருவரும் அடிவாரத்தில் போய் நின்றார்கள். வேன் வரவில்லை. வழியில் டயர் வெடித்து, மாற்று டயரிலும் காற்று இல்லாமல், ஆட்கள் வந்து சேரும்போது எட்டரை தாண்டிவிட்டது. அதற்குள் பாறை சூடேறத் தொடங்கியிருந்தது. காற்று என்பதே இல்லை.

டீச்சர் முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் வேறு ஊரில் இருந்தார். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க, சீனியர் நீங்க சொல்றதுதான் என்றார். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் குயில் விருந்தாளிகள் எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

"அக்கா, எட்டைத் தாண்டிடுச்சு. இன்னைக்குக் கீழ்ச்சுற்று மட்டும் போதும்."

நியாயமான பேச்சு. டீச்சரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வார்த்தை குயிலின் வாயிலிருந்து முதலில் வந்துவிட்டது. தான் இப்போது தலையாட்டினால், அவள் எழுதின சட்டத்துக்கு இவள் கட்டுப்பட்டதாக ஆகும். இவ்வளவு பேர் முன்னால், நேற்று வந்தவள் சொல்லி நேற்றைக்கு முன்தினம் வந்தவள் கேட்டதாக ஆகும். அத்தனையும் ஒரு நொடியில் அவள் நெஞ்சில் ஓடியது.

"உனக்கு முடியலைன்னா நீ கீழயே இரு. நான் இதைவிட வெயில்ல ஏறினவ. என் ஆளுங்களை நான் மேல கூட்டிட்டுப் போறேன்."

டீச்சரின் குழு மகிழ்ந்தது; அவ்வளவு தூரம் வந்தது உச்சியைப் பார்க்கத்தானே. குயிலின் குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. தடித்த வியாபாரி ஒருவர், அவங்க போகும்போது நாங்க மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டார். குயில் டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, சரி வாங்க, மேலேயே போவோம் என்றாள்.

பாதி மலைவரை மரங்கள் உண்டு. அதற்கு மேல் வெட்டவெளி. பாறையில் செதுக்கிய படிகள். டீச்சர் தன் ஆட்களை அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைத்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கவனக்காரிதான். ஆனால் தான் நாக்கை நனைத்துக்கொண்டதோடு சரி. மலைமேல் கழிவறை கிடையாது. ஆண்கள் ஏதாவது பாறைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அதனால் இரண்டு பெண்களுமே, விருந்தாளிகளைக் குடியுங்கள் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு, தங்கள் பாட்டிலை அப்படியே சுமந்து இறங்குவதுதான் வழக்கம். இந்தச் சங்கடத்தைப் பற்றி எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதியதில்லை.

ஏறும்போது ஒருமுறை டீச்சர் திரும்பிப் பார்த்தாள். கீழே குயில் தன் பாட்டிலை அந்த வியாபாரியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொண்டுவந்ததை அதற்குள் தீர்த்துவிட்டார் போலும். நல்ல பெயர் வாங்க இதுவும் ஒரு வழி என்று டீச்சர் உதட்டைச் சுழித்தாள்.

உச்சியில் குடைபோல் நீண்டு நிற்கும் பெரிய பாறைக்கு அடியில் ஒரு சுனை உண்டு. குடிக்க உதவாத தண்ணீர். ஆனால் எந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும். டீச்சரின் குழு அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோது குயிலின் குழு வந்து சேர்ந்தது. குயில் சுனையின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். முற்றுகையின்போது கோட்டைக்காரர்களைக் காப்பாற்றிய தண்ணீர் இது என்று முடித்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு, முற்றுகையின்போது கோட்டைக்காரர்களைக் காப்பாற்றிய தண்ணீர் இது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

டீச்சர் அதைக் கவனித்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அம்மணிக்குக் கதை மறந்துவிட்டது. இரண்டு வாரம் விட்டதற்கே இந்த லட்சணம்.

ஒருவர் கேமராவோடு குயிலை அணுகி, அப்படிக் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார். குயில் அவர் மேல் எரிந்து விழுந்தாள். உங்களுக்குப் போட்டோ எடுக்கத்தான் நான் வந்தேனா என்று கேட்டாள். அவர் முகம் கறுத்துப் பின்வாங்கினார். டீச்சருக்கு அன்றைய வெயிலே மறந்துபோனது. இத்தனை நாள் கட்டிக்காத்த முகமூடி கழன்று விழுகிறது, விழட்டும். இதையும் நாளைக்கு நாலு பேர் இணையத்தில் எழுதட்டும். அந்தக் கேமராக்காரரைத் தேடிப்போய், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கு அனுபவம் போதாது என்று சமாதானம்கூடச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு இனித்தது.

இறங்கலாம் என்று டீச்சர் எழுந்தபோது குயில் எதிரில் வந்தாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது.

"வழி விடு."

அக்கா இல்லை. ங்க இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. டீச்சருக்குக் காது சிவந்தது. இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்தது இன்றைக்குத்தான் வெளியே வருகிறது என்று நினைத்தாள். ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும். சாயங்காலம் அத்தை முன்னால் வைத்துப் பேசிக்கொள்ளலாம். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தவும் தொடங்கிவிட்டாள்.

அப்போது குயிலின் குழுவிலிருந்த, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தானா? படி ஏறும்போதே ரெண்டு தடவை தடுக்கிச்சு. ஏதோ கோபத்துல இருக்குன்னு நினைச்சு நாங்க யாரும் வாயைத் திறக்கலை."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். குயில் இறங்கும் படிகளை விட்டுவிட்டு, படியே இல்லாத மேற்குச் சரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கால் ஒன்றுக்கொன்று பின்னியது. கோபம். சொன்னதையே திரும்பச் சொல்வது. தள்ளாட்டம். பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. அந்த வரி முழுதாக, கோடு இழுபடாமல், குயிலின் குரலிலேயே டீச்சரின் தலைக்குள் ஓடியது.

அவள் ஓடினாள். சரிவின் விளிம்புக்குப் போவதற்குள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள். உடம்பு அடுப்பில் வைத்த சட்டியாகக் கொதித்தது. வியர்வையில் துணி நனைந்திருந்தது. ஆனாலும் அந்தச் சூடு. குயில் திமிறினாள். விடு, பஸ் போயிடும், அம்மா காத்திட்டிருப்பாங்க என்று குழறினாள். கேமராக்காரரும் இன்னொருவரும் ஓடிவந்து தூக்க, அவளைக் குடைப்பாறையின் நிழலில் சுனையோரமாகக் கிடத்தினார்கள்.

டீச்சர் அதன்பிறகு யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் கையும் வாயும் வேலை செய்தன. வங்கி அம்மாவை ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னாள். வெயில் அடித்துப் புத்தி தடுமாறிவிட்டது, மலையுச்சி, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். நன்றாகத் தண்ணீர் குடித்திருந்த இரண்டு இளைஞர்களை அடிவாரத்துக்கு அனுப்பினாள். ஒருவர் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிகாட்ட, இன்னொருவர் டிரைவரிடம் சொல்லி வேனிலிருந்த ஐஸ் பெட்டியை மேலே கொண்டுவர. மற்றவர்கள் யாரும் வெயிலில் நகரக் கூடாது, நிழலில் உட்கார்ந்து அவரவர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்றாள். ஆண்களை முதுகு திருப்பி நிற்கச் சொல்லி, குயிலின் செருப்பைக் கழற்றி, மேல் துணிகளைத் தளர்த்தினாள்.

தொப்பி, காலி பாட்டில், டிபன் பாத்திரம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பெண்கள் சுனையிலிருந்து மொண்டு கொடுக்க, அவள் தலையிலிருந்து கால்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நனைத்த துப்பட்டாவைக் கழுத்துக்கும் அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் கொடுத்தாள். இரண்டு பேர் விரித்த குடையை ஆட்டி விசிறினார்கள். தடித்த வியாபாரி, குயில் தனக்குக் கொடுத்த பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு வந்து, அவள் வாயில் ஊற்றப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாங்க. நினைவு சரியில்லை, மூச்சுக்குழாய்ல போயிடும். தலையில ஊத்துங்க."

அவர் ஊற்றினார். அழுதுகொண்டே ஊற்றினார்.

குயில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். டீச்சர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டாள். கண் செருகியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் கூப்பிடும் பட்டப்பெயரை அல்ல, வீட்டில் கூப்பிடும் பெயரை. பதில் இல்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வந்தது. ஐஸ் பெட்டியை டிரைவர் தலையில் வைத்துக்கொண்டு, நாக்குத் தள்ள ஏறி வந்தார். டீச்சர் அவரையும் நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். ஐஸைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்து, நிறுத்தாமல் ஊற்றினாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வெப்பமானி வைத்தபோதும் சூடு அதிகமாகத்தான் இருந்தது. இதற்கு முன்னால் இன்னும் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். ஊற்றுவதை நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே இறக்கினார்கள். பாதி மலையில் மரநிழல் வந்தபோது குயில் கண்ணைத் திறந்து, ஏன் எல்லாம் ஈரமா இருக்கு என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். சிறுநீரகம், ஈரல் எல்லாம் சோதித்தார்கள். பிழைத்துவிட்டாள், சேதம் பெரிதாக இல்லை என்றார் டாக்டர். உடனே குளிர வைக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதிலேயே குறியாக இருந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார். அவ்வளவுதான், டீச்சரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு எழுதினார். விருந்தாளிகள் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொடுத்தார்கள். மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் மூத்த மருமகள் இல்லைன்னா இன்னைக்கு இந்த வீடு இருட்டு என்றார். கொழுந்தன் ஆஸ்பத்திரி நடையில், அண்ணி, என்று ஆரம்பித்துக் கையெடுத்துக் கும்பிட்டான். இத்தனை வருடமாக அவள் ஏங்கிய பாராட்டு முழுதும் ஒரே வாரத்தில் வந்து குவிந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வார்டில் மற்றவர்கள் காப்பி குடிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடைசியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"நீ தடுமாறினப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

டீச்சர் மிச்சத்தையும் சொன்னாள். கீழ்ச்சுற்றுதான் சரி என்று எனக்கும் தெரிந்திருந்தது. நீ சொன்னாய் என்பதற்காகவே மேலே போனேன். அந்த வரியை எடுக்க வைத்ததும் அதற்காகத்தான், மரியாதை கிரியாதை எல்லாம் சாக்கு. உன்னைக் கண்டால் எனக்கு எரியும். ரொம்ப நாளாக எரிகிறது. சொல்லச் சொல்ல அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வெறும் வெட்கமாகத்தான் இருந்தது.

குயில் கையிலிருந்த டிரிப்ஸ் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வந்த முதல் வருஷமே தெரியும். காய்ச்சல்ல எழுந்தவ ஏறக் கூடாதுன்னு எழுதினதே நான்தான். கீழயே நின்னிருக்கலாம். உங்க முன்னால முடியலைன்னு சொல்ல மனசு வரலை, அதான் ஏறினேன். என் கூட வந்தவங்கள்ல ஒருத்தர் விழுந்திருந்தா?"

டீச்சர் தலைகுனிந்திருந்தாள்.

"உங்க மேல கோபம் இருக்கு, அக்கா. இது வெயில் கோபம் இல்லை. போக நாளாகும்."

நாளாகத்தான் ஆயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் குயில் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பாட்டை மாடிக்கே எடுத்துப் போனாள். மாமியார் காரணம் கேட்டபோது இருவருமே, உடம்பு சோர்வு என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் முதலாளியிடம் போய், அன்றைக்கு மேலே ஏற முடிவு செய்தது தான் என்றும், தன் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். அவர் படத்தை எடுக்கவில்லை, அது வியாபாரத்துக்கு நல்லது என்றார். ஆனால் அடித்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சம்மதித்தார். எட்டு மணிக்கு மேல் உச்சி கிடையாது, சீனியர் சொன்னாலும் கிடையாது என்று டீச்சரே ஒரு வாக்கியம் சேர்த்தாள். பிறகு, வழிகாட்டிகளும் கணக்காகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் பாதி மலையிலாவது ஒரு கழிவறை வேண்டும் என்று மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். இத்தனை வருடமாக அவரிடம் சொல்லக் கூசிய விஷயம். அவர் நெளிந்தார். மழைக்காலம் முடிவதற்குள் தகரக் கதவு போட்டு ஒன்று கட்டிக் கொடுத்தார்.

டாக்டர் அந்தக் கோடை முழுதும் குயிலை வெயிலில் போகக் கூடாது என்றிருந்தார். அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுத்தாள். அவள் குரலைக் கேட்டு முன்பதிவு இரட்டிப்பானது. அதைக் கேள்விப்பட்ட அன்று டீச்சருக்குப் பழையபடி எரிந்தது. நல்லவேளை செத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனதிலேயே இதுவும் எழுகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் இப்போது அது வரும்போது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததால் கொஞ்சம் நின்று, அது போகும்வரை எதையும் முடிவு செய்யாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

கோடை முடியும் தறுவாயில் ஒருநாள் வெளியூர்க் கல்யாணக் கோஷ்டி ஒன்று தாமதமாக வந்து, உச்சிக்குத்தான் போக வேண்டும் என்று சண்டை பிடித்தது. டீச்சர் கீழ்ச்சுற்றைத் தவிர எதற்கும் அசையவில்லை. அவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, போகிற வழியிலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டு, இந்தக் கைடு சிடுமூஞ்சி, தவிர்க்கவும் என்று எழுதினார்கள். மத்தியானம் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது குயில் அதைத்தான் கணினியில் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கைப்பையை வைத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் நின்றாள்.

குயில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, சிடுமூஞ்சிக்கு எப்படிப் பதில் எழுதலாம், நீங்களே சொல்லுங்க அக்கா, என்று விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.